விற்ற பெட்டி, விடாத கணக்கு

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்றை விற்பது இப்போது பெரிய வேலை இல்லை. ஓஎல்எக்ஸில் படம் போட்டு விலையும் எழுதினால் யாராவது கூப்பிடுவார்கள். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவுக்கு நேராகக் கொண்டுபோய்விடலாம். பெட்டி, கன்ட்ரோலர், ஹெச்டிஎம்ஐ வயர் எல்லாம் கைமாறிவிடும், பணமும் வந்துவிடும். அந்தப் பெட்டிக்கும் விற்றவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்குக்கும் இருக்கிற கட்டு மட்டும் தானாக அவிழாது. வீட்டை விற்ற பிறகும் மின் இணைப்பு பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலைமை இது.

அந்தக் கட்டு ஒரே இடத்தில் இருந்தால் ஒரே அடியில் அவிழ்த்துவிடலாம். அது மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, பெட்டிக்குள்ளேயே. உங்கள் ப்ரொஃபைலும், ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்த பிறகு மறுபடி கேட்காமல் உள்ளே விடும் நம்பிக்கைப் பதிவும் அதன் நினைவகத்தில் இருக்கின்றன. இரண்டாவது, மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில். "இந்தக் கணக்குக்கு வீட்டுப் பெட்டி இதுதான்" என்று அங்கே ஒரு பதிவு உண்டு. திரையில் இதை My home Xbox என்று பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, உங்கள் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும் கருவிகளின் பட்டியல். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றாவதற்குப் போய், பழைய பெட்டியின் பெயரை நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் பலம் குறைந்தது அதுதான்.

பண மதிப்புள்ளது இரண்டாவது கட்டு. அதை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

எக்ஸ்பாக்ஸில் டிஜிட்டலாக ஒரு கேம் வாங்கினால் அதை விளையாட இரண்டு வழிகளில் அனுமதி கிடைக்கிறது. ஒன்று, வாங்கிய கணக்கு வழியாக. நீங்கள் எந்த எக்ஸ்பாக்ஸில் சைன் இன் செய்தாலும், இணையமும் இருந்தால், உங்கள் கேம் அங்கே ஓடும். இன்னொன்று, உங்கள் வீட்டுப் பெட்டி வழியாக. அந்தப் பெட்டியில் நீங்கள் சைன் இன் செய்திருக்கவே வேண்டாம். உங்கள் மகள் அவளுடைய ப்ரொஃபைலில் உட்கார்ந்து நீங்கள் வாங்கிய கேமை ஆடலாம். இணையம் போனாலும் ஆடலாம். உங்கள் கேம் பாஸ் சந்தாவின் பலன்களும் அந்தப் பெட்டியில் மற்றவர்களுக்குக் கிடைக்கும். ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வீட்டுப் பெட்டிதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலும் டிஜிட்டல் கேமின் உரிமம் கணக்குக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என இரட்டையாகத்தான் கொடுக்கப்பட்டது. அந்தப் பெட்டிகளோ கூட்டம் கூட்டமாகப் பழுதாயின. முன்பக்கம் சிவப்பு விளக்கு வளையமாக எரிந்தால் பெட்டி செத்துவிட்டது என்று பொருள். 2007 ஜூலையில் உத்தரவாதத்தை நீட்டிப்பதற்காக மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மாற்றுப் பெட்டி கிடைத்தவர்களுக்கு அடுத்த சிக்கல் வந்தது. பெட்டிக்கான உரிமம் செத்த பெட்டியோடு போய்விட்டதால், வீட்டில் மற்றவர்களால் ஆட முடியவில்லை, இணையமில்லாமலும் ஆட முடியவில்லை. உரிமத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்ற 2008இல் தனியாக ஒரு வசதி செய்துதர வேண்டியதாயிற்று.

அடுத்து எக்ஸ்பாக்ஸ் ஒன். அது கடைக்கு வருவதற்கு முன், 2013 ஜூன் தொடக்கத்தில், மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டத்தை வெளியிட்டது. முதன்மைப் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். வேறொரு பெட்டியில் உங்கள் கேமை ஆடினால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதே மாதம் 19ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. ஆஜர் போனது, ஆனால் "முதன்மைப் பெட்டி" என்ற எண்ணம் தங்கிவிட்டது. இன்றைய My home Xbox அதன் மிச்சம்தான்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்ப்போம். கோவையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கணக்கில் சில ஆண்டுகளாகக் கேம்கள் வாங்கியிருக்கிறார்கள். பத்தாவது படிக்கும் மகளுக்கும் ஏழாவது படிக்கும் மகனுக்கும் தனித்தனி ப்ரொஃபைல். வீட்டில் இருந்தது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ். அதில் டிஸ்க் போடும் இடமே கிடையாது என்பதால் எல்லாமே டிஜிட்டல்தான். சீரீஸ் எக்ஸ் வாங்க முடிவானதும், பழையதை ஈரோட்டில் ஒரு கல்லூரி மாணவருக்கு விற்றுவிட்டார்கள். கொடுப்பதற்கு முன் அப்பா செய்தது ஒன்றே ஒன்று: தன் ப்ரொஃபைலிலிருந்து சைன் அவுட். புதுப் பெட்டியை அமைக்கும்போது அது கேட்ட கேள்விகளில் பாதியை, "அப்புறம் பார்க்கலாம்" என்று தாண்டிவிட்டார். வீட்டுப் பெட்டி பற்றிய கேள்வி அதில் ஒன்று.

முதல் நாள் மாலை அப்பா சைன் இன் செய்து ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ இறக்கி ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. மறுநாள் மகள் தன் ப்ரொஃபைலில் அதையே தொட்டபோது திரையில் இப்படி வந்தது:

The person who bought this needs to sign in

வாங்கியவர் சைன் இன் செய்ய வேண்டுமாம். வாங்கிய அப்பா அலுவலகத்தில் இருக்கிறார். அன்று சாயங்காலம் இணையம் போனபோது அப்பாவின் ப்ரொஃபைலிலேயே கேம் திறக்கவில்லை. பெட்டியில் கோளாறு, கடையில் போய்ச் சண்டை போட வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பெட்டியில் ஒன்றுமில்லை. கணக்கு வழியாக வரும் அனுமதி புதுப் பெட்டியில் வேலை செய்கிறது, வீட்டுப் பெட்டி வழியாக வரும் அனுமதி இன்னும் ஈரோட்டில் இருக்கிறது. வாங்கியவருக்கு மட்டும், அதுவும் இணையம் இருக்கும்போது மட்டும் கேம் ஓடுகிறது என்றால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். இதுதான் காரணம்.

ஈரோட்டில் என்ன நடக்கிறது? மாணவர் தன் கணக்கைச் சேர்த்து உள்ளே போகிறார். அழிக்காமல் விட்ட கேம்கள் அப்படியே இருக்கின்றன. தொட்டால் ஓடுகின்றன. அவர் எதையும் திருடவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவருடைய பெட்டிதான் இன்னும் கோவைக் கணக்கின் வீட்டுப் பெட்டி, அதனால் அங்கே யார் உட்கார்ந்தாலும் அந்தக் கேம்கள் ஓடும். கேம் பாஸ் சந்தாவை அப்பா மாதாமாதம் கட்டுகிறார், பலன் ஈரோட்டிலும் போய்ச் சேர்கிறது.

இன்னும் கவலைக்குரியது, அந்தப் பெட்டியில் அப்பாவின் ப்ரொஃபைல் படமும் பெயரும் அப்படியே நிற்பது. எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் பூட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். No barriers என்று வைத்திருந்தால் படத்தைத் தொட்டாலே போதும், எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். Ask for my PIN என்றால் எண் கேட்கும். Lock it down என்றால் எல்லாவற்றுக்கும் பூட்டு. வீட்டில் பிள்ளைகள் தொந்தரவு இல்லாமல் விளையாடட்டும் என்று பலரும் முதலாவதை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சைன் அவுட் செய்வதால் இது மாறாது. சைன் அவுட் என்பது அந்த நேரத்துக்கு வெளியே வருவதுதான். பெட்டியிலிருந்து கணக்கை எடுப்பது வேறு வேலை, அதற்கு Remove accounts என்று தனி இடம் இருக்கிறது.

அப்படி உள்ளே நுழைகிறவரால் பணத்தைச் செலவழிக்க முடியுமா? நம்மூர் வங்கிக் கார்டுகளில் புதிதாக ஒன்றை வாங்கப் பெரும்பாலும் ஓடிபி கேட்கும் என்பதால் அந்த வழி ஓரளவு பத்திரம். ஆனால் கிஃப்ட் கார்டு போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருப்பு வைத்திருந்தால், அதைச் செலவழிக்க வங்கியின் ஓடிபி தேவையில்லை. அந்த இருப்பு கணக்குக்குள்ளேயே இருக்கும் காசு. விற்பதற்கு முன் இருப்பு எவ்வளவு என்று ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

கோவை அப்பா இப்போது என்ன செய்ய வேண்டும்? வரிசை முக்கியம். முதலில் வீட்டுப் பெட்டியை மாற்ற வேண்டும். இதற்குப் பழைய பெட்டி கையில் இருக்கத் தேவையில்லை. புதுப் பெட்டியில் அவர் தன் கணக்கில் சைன் இன் செய்துகொண்டு, கன்ட்ரோலரின் நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பொத்தானை அழுத்தி, இந்த வழியில் போக வேண்டும்:

```
Profile & system > Settings > General > Personalization > My home Xbox
```

அங்கே Make this my home Xbox என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு கணக்குக்கு ஒரே வீட்டுப் பெட்டி என்பதால் புதியது அந்த இடத்தைப் பிடித்ததும் பழையது தானாக இழந்துவிடும். மகளின் ப்ரொஃபைலில் கேம் திறக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். பிறகு ரூட்டரை அணைத்துவிட்டு இன்னொருமுறை திறந்து பாருங்கள். இரண்டிலும் ஓடினால் உரிமம் ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பறிபோன செய்தி பழைய பெட்டிக்கு அது இணையத்தோடு பேசும்போதுதான் தெரியும். வாங்கியவர் அதை இணையத்தில் சேர்க்காமலே வைத்திருந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேம்கள் அங்கே தொடர்ந்து ஓடக்கூடும். அதனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக ஓடும்.

வீட்டுப் பெட்டியை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. ஓராண்டில் 5 முறைதான். விற்றல் வாங்கல் என்று பார்த்தால் ஐந்து தாராளம். ஆனால் நண்பர்களோடு உரிமத்தைப் பகிர்ந்துகொண்டு அடிக்கடி இடம் மாற்றுகிறவர்களுக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்துபோனால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று பெட்டியே சொல்லும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. "சரியாக வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மாற்றி மாற்றி அழுத்தி விளையாட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இந்தப் பகிர்வைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விற்கும்போது மிகவும் குழப்புவது அதுதான். இரண்டு நண்பர்கள் சேர்ந்து செலவைப் பாதியாக்க ஒரு வழி பரவலாக இருக்கிறது. நண்பரின் பெட்டியை என் கணக்குக்கு வீட்டுப் பெட்டியாக வைப்பேன், அவர் என் பெட்டியைத் தன் கணக்குக்கு வீட்டுப் பெட்டியாக வைப்பார். ஒரு கேமை ஒருவர் வாங்கினால் இருவரும் ஆடலாம். என் கேம் என் பெட்டியில் நான் சைன் இன் செய்திருப்பதால் ஓடும், அவர் பெட்டியில் அது வீட்டுப் பெட்டி என்பதால் ஓடும்.

இந்த நிலையில் நான் என் பெட்டியை விற்றால் என்ன ஆகும்? என் கணக்கின் வீட்டுப் பெட்டி அதுவல்ல, நண்பருடையது. எனவே என் உரிமம் எங்கும் போகவில்லை. போனது நண்பருடையது. அவர் வாங்கிய கேம்கள்தான் இப்போது முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் திறந்து கிடக்கின்றன. இந்த நேரத்தில் நான் பதறிப்போய்ப் புதுப் பெட்டியை என் வீட்டுப் பெட்டி ஆக்கினால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவேன்: நண்பர் பெட்டியில் என் கேம்கள் நின்றுபோகும், எனக்கிருந்த ஐந்தில் ஒன்றும் குறையும். செய்ய வேண்டியது வேறு. நண்பர் என் புதுப் பெட்டியில் தன் கணக்கைச் சேர்த்து, அவர் கணக்கிலிருந்து Make this my home Xbox அழுத்த வேண்டும். கணக்கில் கழிவதும் அவருடைய ஐந்திலிருந்துதான்.

சரி, கோவைக்குத் திரும்புவோம். உரிமம் வந்தாயிற்று. அடுத்தது பெட்டிக்குள் கிடக்கும் நம்பிக்கைப் பதிவு. இதற்கு நேரான வழி, வாங்கியவருக்கு ஒரு போன் போடுவதுதான். "தம்பி, என் ப்ரொஃபைல் உள்ளே நிற்கிறது, Settings > Account > Remove accounts போய் எடுத்துவிடுங்கள்" என்றால் பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் அடுத்தவர் படம் திரையில் நிற்பது தொல்லைதான். ஆனால் பிறர் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. account.microsoft.com பக்கத்தில் Security பகுதிக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டை நம்பி உள்ளே விட்டுக்கொண்டிருந்த பெட்டி, இனி புதியதைக் கேட்டு நிற்கும்.

அதே பாதுகாப்புப் பக்கத்தில் எல்லா இடங்களிலிருந்தும் ஒரே தட்டில் சைன் அவுட் செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. Sign out everywhere என்று பெயர். பார்த்தவுடன் இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். 24 மணி நேரத்துக்குள் பிரவுசர்கள், ஆப்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றிவிடுவதாக அது சொல்கிறது. கூடவே அடைப்புக்குறிக்குள் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள் இதில் சேராது என்றும் இருக்கிறது. அந்த விதிவிலக்கைப் படிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க வேண்டும். விற்ற பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டு வருகிறவருக்கு வேண்டிய ஒரே செய்தியை இவ்வளவு சின்னதாக வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பொத்தானை அழுத்துவதில் தவறில்லை, தொலைந்த லேப்டாப்புக்கும் பழைய போனுக்கும் அது உதவும். எக்ஸ்பாக்ஸுக்கு அதை நம்பாதீர்கள்.

கருவிப் பட்டியல் கடைசியில்தான். account.microsoft.com/devices என்ற பக்கத்தில் உங்கள் கணக்கோடு சேர்ந்த கணினிகளும் கன்சோல்களும் வரிசையாக இருக்கும். விற்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடலாம். இரண்டு எக்ஸ்பாக்ஸும் ஒரே மாதிரிப் பெயரில் நின்றால் புதியதை நீக்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் புதுப் பெட்டியில் Settings > System > Console info போய், அதற்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். அதன் சீரியல் நம்பரும் அங்கேயே இருக்கும்.

இதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலிலிருந்து நீக்குவது பெயரை நீக்குவது மட்டுமே. அந்தப் பெட்டியில் இருக்கும் ப்ரொஃபைலை அது தொடாது, வீட்டுப் பெட்டி உரிமத்தையும் தொடாது. இதை முதலில் செய்துவிட்டால் மற்ற இரண்டும் முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வந்துவிடும். பெட்டி விற்கப்படாமல் திருடுபோயிருந்தாலோ இந்தப் பதிவே புகார் எழுதும்போது கைகொடுக்கும். அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது.

எல்லாம் செய்த பிறகும் யாராவது உங்கள் கணக்கில் உள்ளே வருகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ப்ரொஃபைல் ஒரே நேரத்தில் ஒரு பெட்டியில்தான் சைன் இன் ஆக முடியும். நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, வேறொரு எக்ஸ்பாக்ஸில் சைன் இன் செய்ததால் இங்கே வெளியேற்றப்பட்டீர்கள் என்று செய்தி வந்தால், அந்த நேரத்தில் இன்னொருவர் உங்கள் படத்தைத் தொட்டிருக்கிறார். பாதுகாப்புப் பக்கத்திலேயே சமீபத்திய சைன் இன் விவரங்களும் கிடைக்கும். பட்டியலிலிருந்து நீக்கிய கன்சோல் கொஞ்ச நாளில் மறுபடி தலைகாட்டினால் அதுவும் அதே அறிகுறிதான். நீங்கள் ஆடாத கேமில் சாதனைகள் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

பெட்டியை விற்றுவிட்டு வேறு எக்ஸ்பாக்ஸே வாங்காதவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுப் பெட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களிடம் இன்னொரு பெட்டி இல்லை. உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கும் எக்ஸ்பாக்ஸில் சைன் இன் செய்து அதை வீட்டுப் பெட்டி ஆக்கிவிட்டு வரலாம். தெரியாத ஒருவரிடம் இருப்பதைவிட மாமா வீட்டில் இருப்பது மேல். இல்லையென்றால் வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு அலைச்சலும் பெட்டி கையைவிட்டுப் போன பிறகு வருவது. கையில் இருக்கும்போதே செய்தால் ஒரே ஒரு வேலைதான். பழைய பெட்டியில் இந்த வழியில் போங்கள்:

```
Settings > System > Console info > Reset console
```

அங்கே இரண்டு தேர்வுகள் வரும். Reset and keep my games & apps என்பது பெட்டி தடுமாறும்போது சரிசெய்துகொள்வதற்காக இருக்கிறது. கேம்களை இறக்கி வைத்தே கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும் என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், விற்பனைக்கு இது பொருந்தாது. Reset and remove everything தான் வேண்டியது. கணக்குகள், சேமித்த ஆட்டங்கள், அமைப்புகள், கேம்கள் எல்லாவற்றோடும் வீட்டுப் பெட்டி உறவையும் அது துடைத்துவிடுகிறது. மூன்று கட்டுகளில் முதல் இரண்டும் அந்த ஒரு அழுத்தலில் அவிழ்ந்துவிடும். மிச்சம் பட்டியலில் இருக்கும் பெயர் மட்டுமே.

அதை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது, வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் ப்ரொஃபைலில் இணையத்தோடு ஒருமுறை சைன் இன் செய்வது. சேமித்த ஆட்டங்கள் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில் ஏறிவிட்டால் புதுப் பெட்டியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏறாதவை ரீசெட்டோடு போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. மகன் விடுமுறை முழுக்கக் கட்டிய மைன்கிராஃப்ட் ஊர் அழிந்தால் அதற்கு யாரிடமும் முறையிட முடியாது. மொபைலில் எக்ஸ்பாக்ஸ் ஆப் வைத்திருக்கிறவர்கள் அதிலும் பழைய கன்சோலை நீக்கிவிடுங்கள். அடுத்தவர் பெட்டி நம் போனில் நிற்பதும் சரியல்ல.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. பிஎஸ்4இல் அது முதன்மை பிஎஸ்4. பிஎஸ்5இல் Console Sharing and Offline Play. பிஎஸ்4 கையைவிட்டுப் போய்விட்டால் சோனியின் இணையப் பக்கத்திலிருந்தே எல்லாப் பெட்டிகளையும் செயலிழக்கச் செய்யலாம், ஆனால் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் செய்ய முடியும்.

கடைசியாக, பழைய எக்ஸ்பாக்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு. "நிறைய கேம் உள்ளேயே இருக்கிறது" என்று ஒருவர் விலையைக் கூட்டிச் சொன்னால் அந்தக் கேம்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவர் வேறொரு பெட்டியை வீட்டுப் பெட்டி ஆக்கிய அன்றே அவை நின்றுபோகும். ரீசெட் செய்துதரச் சொல்லுங்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரையை அவர் முன்னாலேயே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.